"பாதி வார்த்தை காணோம்" என்கிறார்களா? சத்தமான வீட்டிலிருந்து மீட்டிங் பேசுபவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மீட்டிங்கில் நம் குரல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது நமக்குக் கேட்காது. எதிர்முனையில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு. அவர்களும் பெரும்பாலும் "உங்க ஆடியோ சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் புது மைக் வாங்கக் கிளம்பாதீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: வார்த்தை அறுந்து அறுந்து வருகிறதா, குரல் தூரத்தில் கேட்கிறதா, பின்னால் டிவி கேட்கிறதா, அவர் பேசியதே அவருக்குத் திரும்பக் கேட்கிறதா, பழைய டெலிபோன் மாதிரி இருக்கிறதா, 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் ஓடுகிறதா? இந்த ஆறுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் முற்றும். அப்படி முற்றிய ஒன்றை என் தங்கை வீட்டில் பார்த்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

## முதலில் ஒரு சின்னப் பரிசோதனை

குரல் உங்கள் வாயிலிருந்து கிளம்பி மைக்குக்குப் போகிறது. அங்கிருந்து லேப்டாப்பின் ஒலி டிரைவர், நடுவில் நீங்கள் நிறுவிய இரைச்சல் நீக்கி ஏதாவது இருந்தால் அது, அப்புறம் மீட்டிங் செயலி, கடைசியில் இணையம். கோளாறு இதில் எந்த இடத்தில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீட்டிங் செயலியைத் திறக்காமல், லேப்டாப்பிலேயே உள்ள சாதாரண ஒலிப்பதிவு செயலியில், மீட்டிங்கில் தேர்வாகியிருக்கும் அதே மைக்கை வைத்து இரண்டு பதிவு எடுங்கள். வீட்டில் வழக்கமாக ஓடும் ஃபேன் எல்லாம் ஓடட்டும். முதல் பதிவில் பத்து நொடி பேசாமல் இருங்கள். இரண்டாவதில் பத்து நொடி, மீட்டிங்கில் பேசும் அதே சத்தத்தில் பேசுங்கள். பதிவுக்காகக் குரலை உயர்த்தினால் பரிசோதனை வீண்.

இரண்டாவது பதிவைப் போட்டுக் கேட்கும்போதே வார்த்தை அறுகிறது என்றால், கோளாறு மைக்கிலோ டிரைவரிலோ நடுவில் இருக்கும் மென்பொருளிலோ இருக்கிறது. பதிவு நன்றாக இருந்து மீட்டிங்கில் மட்டும் அறுந்தால், சந்தேகம் மீட்டிங் செயலி மீதும் இணையத்தின் மீதும் போக வேண்டும்.

காதை மட்டும் நம்பாமல் எண்ணாகவும் பார்க்கலாம். ஒலிக் கோப்புகளை அலசும் ffmpeg என்ற இலவசக் கருவியை நிறுவியிருந்தால், முதல் பதிவுக்கு amaidhi என்றும் இரண்டாவதுக்கு pechu என்றும் பெயர் வைத்து, அவை இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து இந்த இரண்டு வரி கொடுத்தால் போதும்:

```
ffmpeg -i amaidhi.m4a -af volumedetect -f null -
ffmpeg -i pechu.m4a -af volumedetect -f null -
```

கடைசியில் `mean_volume` என்று ஒரு எண் வரும். எல்லாம் மைனஸில்தான் இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம் என்று பொருள். நமக்கு வேண்டியது இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. என் அனுபவத்தில் இடைவெளி 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் எந்த இரைச்சல் நீக்கியும் சிரமமில்லாமல் வேலை செய்கிறது. 10-க்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல மென்பொருளானாலும் குரலையும் சேர்த்துக் கடிக்கிறது. `max_volume` என்ற எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். பேச்சுப் பதிவில் அது 0.0 என்று நின்றால் மைக் தாங்க முடியாத அளவுக்குச் சத்தம் ஏறி, குரலின் முகடு வெட்டுப்படுகிறது. அப்போது செய்ய வேண்டியது மைக் அளவைக் குறைப்பது மட்டுமே.

## அறிகுறி: வார்த்தை விழுங்கப்படுகிறது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது

என் தங்கை திருச்சியில் ஒரு அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்க்கிறாள். தலைக்கு நேர் மேலே ஃபேன். பத்தடியில் சமையலறை. முதலில் வந்த புகார் "பின்னால ஃபேன் சத்தம்" என்பது. அதனால் மீட்டிங் செயலியில் இரைச்சல் நீக்கத்தை உச்சத்துக்கு வைத்தாள். ஃபேன் சத்தம் கொஞ்சம் போனது, ஆனாலும் புகார் நிற்கவில்லை. தனியாக ஒரு இரைச்சல் நீக்கியை இறக்கி நிறுவினாள். லேப்டாப்போடு வந்த ஒலிச் செயலியிலும் அதேபோல் ஒரு வசதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது; அது அவளுக்கே தெரியாது. ஃபேன் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. கூடவே "நீ சொன்னதுல பாதி வார்த்தை காணோம்" என்ற புதுப் புகார் வந்தது.

ஒரு திங்கட்கிழமை "அந்த ரிப்போர்ட்ட முடிச்சிடுவேன்" என்று அவள் சொன்னதை, எதிர்முனையில் "முடிச்சிட்டேன்" என்று எடுத்துக்கொண்டார்கள். மதியம் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. இது தற்செயல் இல்லை. தமிழில் காலமும், யார் செய்தார் என்பதும், செய்தாரா இல்லையா என்பதும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கின்றன. பேசும்போது நம் குரல் தாழ்வதும் அந்த வாலில்தான். இரைச்சல் நீக்கி முதலில் கடிப்பதும் சரியாக அதே இடத்தை.

ஏன் என்று புரிய, அது எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டால் போதும். வெளிப்படையாகக் கிடைக்கும் ஆர்என்நாய்ஸ் என்ற நீக்கியை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்தது, பல செயலிகளுக்குள் இருக்கிறது. அது ஒலியை 10 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பட்டைகளாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு பட்டையிலும் குரல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று மதிப்பிட்டு, இரைச்சல் என்று தோன்றும் பட்டையின் அளவைக் குறைக்கிறது. குரல் இரைச்சலை விட நன்றாக ஓங்கியிருக்கும்போது மதிப்பீடு தப்பாது. குரல் தாழ்ந்து இரைச்சலின் மட்டத்துக்கு வரும்போது தப்பும். 'ச', 'ஸ', 'ஃப' போன்ற காற்றொலிகள் அதன் கணக்கில் ஃபேன் காற்றைப் போலவே இருக்கும். சொல்லின் கடைசியில் வரும் மெலிந்த உகரமும் 'ம்', 'ன்' ஒலிகளும் அதோடு சேர்ந்து போகும்.

ஒரு நீக்கியே இப்படி என்றால், மூன்றை வரிசையாகக் கோத்தால்? இரண்டாவது நீக்கிக்கு வரும் குரல் ஏற்கெனவே அங்கங்கே கடிபட்டது. அது இயல்பான மனிதக் குரல் மாதிரி இல்லாததால், இரண்டாவது அதை இன்னும் கொஞ்சம் இரைச்சல் என்று எண்ணிக் கடிக்கிறது. மூன்றாவதும் அப்படியே. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற அந்த ஒலி இப்படித்தான் பிறக்கிறது.

இதையும் இணையக் கோளாறையும் குழப்பிக்கொள்வது சகஜம். பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பேசிக்கொண்டே ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். ஃபேன் நின்றதும் வார்த்தை தெளிந்தால் குற்றவாளி இரைச்சல் நீக்கி. ஃபேன் நின்றும் அறுந்துகொண்டே இருந்தால், அதுவும் படமும் சேர்ந்து உறைந்தால், அது இணையம். இணையத்துக்கு உங்கள் வீட்டில் ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியாது. இன்னொரு சாத்தியமும் உண்டு: பழைய லேப்டாப்பில் நீக்கியை உச்சத்தில் வைத்தால் பிராசசர் திணறியும் குரல் அறும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தங்கை வீட்டில் என்ன செய்தோம் என்றால், முதலில் மூன்றையும் அணைத்தோம். விண்டோஸ் 11-இல் Settings > System > Sound போய், கீழே உள்ள மைக்கின் பெயரைத் தட்டினால் Audio enhancements என்று ஒரு வரி வரும். அதை Off ஆக்கினோம். லேப்டாப்போடு வந்த செயலியில் தனியாக ஒரு பொத்தான் இருந்தது, அதையும் அணைத்தோம். மீட்டிங் செயலியில் மைக் என்ற இடத்தில் தனி நீக்கியின் மெய்நிகர் மைக், அதாவது மென்பொருளில் மட்டுமே இருக்கும் மைக், தேர்வாகியிருந்தது. அதை மாற்றி நிஜ மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். இந்தக் கடைசிப் படியைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். நீக்கியை மூடிவிட்டு மெய்நிகர் மைக்கை அப்படியே விட்டால் குரலே போகாது.

பிறகு பதிவு எடுத்தோம். வாய்க்கும் லேப்டாப் மைக்குக்கும் நடுவில் 70 செ.மீ. அமைதிப் பதிவு மைனஸ் 41, பேச்சுப் பதிவு மைனஸ் 33. இடைவெளி வெறும் 8. மூன்று நீக்கிகள் போராடியது இந்த எட்டோடுதான்.

அடுத்து, காசு செலவில்லாத இரண்டு காரியம். ஃபேன் வேகத்தை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். நாலு தடி நோட்டுப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை ஏற்றி, 35 செ.மீ. தூரத்துக்கு இழுத்துக்கொண்டாள். இடைவெளி 17 ஆனது. மீட்டிங் செயலியின் நீக்கியை மட்டும் நடுத்தர அளவில் வைத்தபோது, அன்றே புகார் பெரும்பாலும் நின்றுவிட்டது. வார இறுதியில் வாய்ப்பக்கம் நீளும் தண்டு மைக் உள்ள ஒரு யுஎஸ்பி ஹெட்செட் வாங்கினாள். மைக் வாயோரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்தில். அமைதி மைனஸ் 58, பேச்சு மைனஸ் 27. இடைவெளி 31. இப்போது ஃபேன் மறுபடி நாலில் ஓடுகிறது.

ஆக, மூன்றில் எதை வைத்துக்கொள்வது? என் ஓட்டு மீட்டிங் செயலிக்குள் இருப்பதற்கே. காரணம், எதிரொலி நீக்கமும் அங்கேயே நடக்கிறது. இரண்டும் ஒரே கையில் இருப்பது நல்லது. ஜூமில் Settings > Audio பக்கத்தில் Background noise suppression என்பதன் கீழ் Auto, Low, Medium, High என நான்கு நிலை இருக்கும். புதிய பதிப்புகளில் தலைப்பு Zoom background noise removal என்று இருக்கும். ஃபேனுக்கு Medium போதும். High என்பது விசைப்பலகைச் சத்தம், நாய் குரைப்பு வரை போகும். அந்த அளவு குரலையும் உரசும். டீம்ஸில் Settings > Devices-க்குள் Noise suppression இருக்கிறது. கூகுள் மீட்டில் இந்த வசதி எல்லாக் கணக்குக்கும் வருவதில்லை. வராத கணக்கில், உலாவிக்குள் இருக்கும் எளிய நீக்கம்தான் வேலை செய்யும். அங்கே மட்டும் தனி நீக்கி ஒன்று வைப்பதில் அர்த்தம் உண்டு.

அப்படி வைப்பதென்றால், கிரிஸ்ப் போன்றவை ஒரு மெய்நிகர் மைக்கை உண்டாக்கும். மீட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசமாகப் பயன்படுத்த வரம்பு உண்டு. என்விடியா பிராட்காஸ்ட் ஆர்டிஎக்ஸ் வகை கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால்தான் ஓடும். மேக்கில் இருப்பவர்கள் எதையும் இறக்க வேண்டாம். மான்டரே பதிப்பிலிருந்து Mic Mode என்று ஒன்று இருக்கிறது; பழைய பதிப்புகளில் கன்ட்ரோல் சென்டரிலும், புதிய பதிப்புகளில் திரையின் மேலே உள்ள மெனு பட்டையிலும் தேடுங்கள். மீட்டிங் ஓடும்போது திறந்தால்தான் கண்ணில் படும். அதில் Voice Isolation எடுத்தால் போதும். எதை எடுத்தாலும் மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: குரல் தூரத்தில் கேட்கிறது, ஃபேன் சத்தம் அதைவிட முன்னால் நிற்கிறது

தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஃபேன் அறை முழுக்கப் பரவியிருப்பதால், மைக்கை நீங்கள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலும் அதன் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 60 செ.மீ. தூரத்தை 15 ஆக்கினால் இரண்டு முறை பாதி. 12 டெசிபல் இலாபம். இதற்கு இணையாகக் குரலைக் கெடுக்காமல் கொடுக்கும் மென்பொருளை நான் பார்த்ததில்லை.

ஆனால் பலர் முதலில் செய்வது, விண்டோஸில் மைக் பூஸ்டை ஏற்றுவது. `Win + R` அழுத்தி `mmsys.cpl` என்று கொடுத்து, Recording பக்கத்தில் மைக்கைத் தேர்ந்தெடுத்து, Properties, Levels போனால் சில கணினிகளில் Microphone Boost என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதை +20, +30 என்று ஏற்றினால் குரல் ஏறும். ஃபேனும் அதே அளவு ஏறும். இடைவெளி ஒரு டெசிபல்கூட மாறாது. பூஸ்டை பூஜ்யத்துக்கோ +10-க்கோ இறக்கிவிட்டு மைக்கை நெருங்கி வாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு சிணுங்கல்: நீங்கள் பேசாத இடைவெளியில் ஃபேன் சத்தம் மெல்ல ஏறி, பேசத் தொடங்கியதும் சட்டென்று அமுங்குகிறது என்பார்கள். அது மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியின் வேலை. அமைதியாக இருப்பதைப் பார்த்து, "குரல் சின்னதாக இருக்கிறது போல" என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போகிறது. ஜூமில் Automatically adjust microphone volume என்ற பெட்டியில் டிக் எடுத்துவிட்டு, அளவை நீங்களே ஒரு இடத்தில் நிறுத்துங்கள்.

ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று மோதி 'டொம்' என்று கேட்கும். வாயோரத்தில், கன்னத்துப் பக்கம் இருக்கட்டும். டேபிள் ஃபேன் நேராக முகத்தில் அடித்தால் மைக்கில் காற்று மோதும் கரகரப்பு வரும். இதை நீக்கி நன்றாகத் தீர்க்காது. பஞ்சு உறை தீர்க்கும், ஃபேனைத் திருப்பி வைப்பது அதைவிட நன்றாகத் தீர்க்கும். போனோடு வரும் ஒயர் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அதன் மைக் கழுத்துக்குக் கீழே தொங்கும். துப்பட்டாவிலோ செயினிலோ சட்டைக் காலரிலோ உரசினால் எதிர்முனையில் காகிதம் கசக்குவது போல் கேட்கும். துணி உலர்த்தும் கிளிப் ஒன்றால் ஒயரைக் காலரில் பிடித்து, மைக் எதிலும் படாமல் நிற்கும்படி செய்தால் போதும்.

## அறிகுறி: டிவி சீரியல் வசனம் தெளிவாகப் போகிறது

ஃபேனை அழகாக அழித்த அதே நீக்கி, பக்கத்து அறை டிவியில் மாமியார் மருமகளைத் திட்டுவதை அப்படியே அனுப்பிவிடும். பழுது ஒன்றும் இல்லை. அதற்குக் கொடுத்த வேலை குரலைக் காப்பாற்றுவது. டிவியில் வருவதும் குரல்தான். பாடம் ஒப்பிக்கும் குழந்தையும், வாசலில் காய்கறி விற்பவரின் ஒலிபெருக்கியும் அப்படித்தான். ஆகவே இந்த அறிகுறிக்கு நீக்கியை Medium-இலிருந்து High-க்கு ஏற்றுவதில் பயன் குறைவு.

டீம்ஸில் Voice isolation என்றும் ஜூமில் Personalized audio isolation என்றும் வேறொரு வகை இருக்கிறது. இவை 'குரலா இல்லையா' என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் குரலா என்று பார்க்க முயல்பவை. டீம்ஸில் முதலில் ஒரு பத்தியை வாசித்து உங்கள் குரலைப் பதிந்து கொடுக்க வேண்டும். இந்த அறிகுறிக்குப் பொருத்தமான மென்பொருள் வழி இதுதான். நிறுவனக் கணக்காக இருந்தால் இந்த வசதி நிர்வாகியின் கையில் இருக்கலாம். மெனுவில் காணவில்லை என்றால் அவரிடம் கேளுங்கள்.

அது இல்லாதவர்களுக்கு மறுபடி தூரம்தான் துணை. வாய்க்கு நாலு செ.மீ.யில் இருக்கும் மைக்குக்கு, பக்கத்து அறை டிவி ஒரு முணுமுணுப்பு. முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்காக இருந்தால் அதன் முதுகு டிவியைப் பார்க்கும்படி திருப்பி உட்காருங்கள். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்தால் நம்ப முடியாத அளவு குறையும். சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகையை மட்டும் இதற்காக வாங்காதீர்கள். அது அறைக்குள் உங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும். வெளிச்சத்தம் உள்ளே வருவதைத் தடுக்காது. அந்த எதிரொலிப்பைக் குறைக்க, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து மெத்தை இருக்கும் அறையில் உட்கார்ந்தாலே போதும்.

மிக்சியும் குக்கரும் வேறு ரகம். நீங்கள் பேசாமல் இருக்கும்போது நல்ல நீக்கி இரண்டையும் மறைத்துவிடும். மிக்சி ஓடும்போதே நீங்கள் பேசினால் குரல் நிச்சயம் சிதையும், ஏனென்றால் மிக்சி உங்கள் குரல் இருக்கும் எல்லாப் பட்டையிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த அரை நிமிடம் பேச்சை நிறுத்துவதுதான் வழி. வீட்டில் சட்னி அரைக்கும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வதும் ஒரு தொழில்நுட்பம்தான்.

ம்யூட் பொத்தானைத் தேடித் தடுமாறுகிறவர்கள், ம்யூட்டிலேயே இருந்து பேசும்போது மட்டும் விசையை அழுத்திப் பிடிக்கலாம். ஜூமில் ஸ்பேஸ் விசை. விண்டோஸ் டீம்ஸில் `Ctrl + Space`. விசையை விட்டதும் மறுபடி ம்யூட் ஆகிவிடும்.

## அறிகுறி: அவர்கள் பேசியது அவர்களுக்கே திரும்பக் கேட்கிறது

எதிரொலியில் ஒரு வேடிக்கை உண்டு. யாருக்கு அது கேட்கவில்லையோ, பெரும்பாலும் அவர் வீட்டில்தான் கோளாறு. எல்லாரும் "எக்கோ வருது" என்று சொல்லி, உங்களுக்கு மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்டால், சந்தேகப்பட வேண்டியது உங்கள் ஸ்பீக்கரை. அவர்கள் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வெளியே வந்து உங்கள் மைக்கில் விழுந்து திரும்பிப் போகிறது.

ஹெட்செட் மாட்டினால் பத்தில் ஒன்பது முறை தீரும். தீராவிட்டால் ஒரே அறையில் இரண்டு சாதனம் அதே மீட்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் சேர்ந்துவிட்டு, நெட் போனால் உதவும் என்று போனிலும் சேர்ந்து வைப்பவர்கள் உண்டு. கணவன் மனைவி ஒரே கூட்டத்தில் ஒரே ஹாலில் உட்கார்ந்தாலும் இதே கதை. மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று துரத்தி ஊளையிடும். ஒரு சாதனத்தில் ஒலியிலிருந்தே வெளியேறிவிட வேண்டும். மைக்கை மட்டும் ம்யூட் செய்தால் போதாது, அதன் ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்.

ஸ்பீக்கரில்தான் பேசியாக வேண்டும் என்றால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரையே பயன்படுத்துங்கள். மீட்டிங் செயலி தான் என்ன ஒலியை வெளியே விட்டது என்பதை வைத்து, மைக்கில் வரும் அதன் பிரதியைக் கழிக்கிறது. புளூடூத் ஸ்பீக்கர் அந்த ஒலியைத் தாமதமாகக் கொடுப்பதால் கணக்கு தவறலாம். ஜூமில் Original sound for musicians யாராவது தட்டி விட்டிருந்தால் அதை அணையுங்கள். இசைக்காக ஒலியைத் தொடாமல் அனுப்பும் முறை அது; பேச்சுக்கு வேண்டாம்.

## அறிகுறி: குரல் பழைய டெலிபோன் மாதிரி ஒடுங்கிக் கேட்கிறது

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் வீட்டில் இது சாதாரணம். பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கும் அதே கருவி, மீட்டிங்கில் சேர்ந்ததும் மட்டமாகிவிடும். வழக்கமான புளூடூத்தில் நல்ல தரத்தில் பாட்டு வரும் வழி ஒருதிசை வழி. மைக்கும் வேண்டும் என்றதும் கருவி தொலைபேசிப் பேச்சுக்கான வேறொரு முறைக்கு மாறுகிறது. அதில் குரல் நொடிக்கு 16,000 மாதிரியாகவும், பழைய கருவிகளில் 8,000 மாதிரியாகவும் சுருங்குகிறது. எட்டாயிரத்தில் 'ச'வும் 'ஃப'வும் பிரித்தறிவது கடினம். விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் இந்தப் பிரச்சினை பல நேரம் கூடவே வரும்.

ஒரு வழி, மீட்டிங் செயலியில் ஸ்பீக்கராகப் புளூடூத்தையும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது. கேட்பது நல்ல தரத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் மைக் மறுபடி அறுபது செ.மீ. தள்ளிப் போய்விட்டது, சத்தமான வீட்டில் இது பழைய குழிக்கே இழுத்துச் செல்லும். அமைதியான அறை இருப்பவருக்கு இந்த வழி, மற்றவர்களுக்கு ஒயர் ஹெட்செட் என்பதே என் கட்சி.

## அறிகுறி: 'ங்ங்ங்' என்று விடாத ரீங்காரம்

லேப்டாப் சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவிவிட்டு ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது காற்றில் வரும் சத்தமே இல்லை. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு, சரியாக எர்த் ஆகாத சார்ஜர் வழியே, லேப்டாப்பின் வட்டத் துளையில் சொருகும் ஹெட்செட்டின் மைக் ஒயருக்குள் நுழைகிறது. சிலர் லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் ரீங்காரம் குறைவதைக் கவனித்திருப்பார்கள். அதுவும் எர்த்தைச் சந்தேகிக்க ஓர் அடையாளம்.

உடனடி நிவாரணம், மீட்டிங் முடியும் வரை பேட்டரியில் ஓட்டுவது. நிரந்தரமாக வேண்டும் என்றால் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ரீங்காரம் போகட்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது. சார்ஜரை இரண்டு பின் மாற்றியில் சொருகியிருந்தால் அந்த மாற்றியை எடுத்துவிடுங்கள். அதற்குள் மீட்டிங் வந்துவிட்டது என்றால், யுஎஸ்பியில் சொருகி வட்டத் துளை கொடுக்கும் சின்ன ஒலி அடாப்டர் ஒன்றை முயன்று பார்க்கலாம். பெரும்பாலும் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குறையாவிட்டால் யுஎஸ்பி ஹெட்செட்டுக்கே போய்விடுவது நல்லது. அதில் மைக்கின் ஒலி எண்ணாக மாறியே லேப்டாப்புக்குள் வருவதால் இந்தத் துடிப்பு நுழைய இடம் குறைவு.